கையைப் பிடித்து இழுத்ததும் கையை அசைக்காத குழந்தை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

என் மகளுக்கு இரண்டு வயது. போன மாதம் படியில் தடுக்கியவளை இடது கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினேன். கொஞ்சம் அழுதாள். அப்புறம் சிரித்து விளையாடினாள், ஆனால் வலது கையால் மட்டும். இடது கையை லேசாக மடக்கி, உள்ளங்கை பின்பக்கம் பார்க்க, உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டிருந்தாள். வீக்கமே இல்லை. தோள் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மருத்துவர் பார்த்துவிட்டு, பிரச்சினை தோளில் இல்லை, முழங்கையில் என்றார். அங்கே முன்கையின் ஆரை எலும்பின் தலையை வளையம் போல ஒரு தசைநார் சுற்றியிருக்கிறது. இந்த வயதில் அது தளர்வு. கையை நீட்டி இழுத்தால் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளுமாம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. முழங்கையைத் தாங்கிப் பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்கும்படி முன்கையை நன்றாகத் திருப்பினார். ‘டக்’ என்றது, வீறிட்டு அழுதாள். பத்து நிமிடத்தில் அதே கையால் பொம்மையை எட்டிப் பிடித்தாள்!

நேற்று சட்டை மாட்டும்போது மறுபடியும் அதே கை. மறுபடியும் மருத்துவரிடம் ஓடினோம். ஒருமுறை நழுவினால் திரும்ப வரலாம், ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும் என்கிறார்.

அடிக்கடி இப்படி ஆன பிள்ளைகளின் பெற்றோர்களே, வீட்டிலேயே சரிசெய்ய உங்கள் மருத்துவர் கற்றுக்கொடுத்தாரா? விழுந்திருந்தாலோ வீங்கியிருந்தாலோ எலும்பு முறிவாக இருக்கலாம், திருப்பவே கூடாது என்று எங்கள் மருத்துவர் எச்சரித்ததால் எனக்குத் தயக்கம். அக்குளில் பிடித்துத் தூக்கப் பழகிவிட்டேன். சட்டை மாட்ட என்ன செய்கிறீர்கள்?