ஒரே கட்டு, இரண்டு கை: வரலாற்றுக் கட்டுரை மதிப்பெண்ணைச் சமன்செய்த அனுபவங்கள்

செல்வி

மொத்தம் 30 விடைத்தாள், ஒரே ஒரு 20 மதிப்பெண் கட்டுரை. கேள்வி: "1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு அரசின் பண நெருக்கடிதான் முதன்மைக் காரணமா? ஆராய்க." இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் மார்க்கை ஒருவர் பார்க்காமல் திருத்தியிருக்கிறார்கள். முதலாமவர் சராசரி 13.1, இரண்டாமவர் சராசரி 11. விடைக்குறிப்பு இருவருக்கும் ஒன்றுதான். இருவருமே "நான் போட்டது சரி" என்று நிற்கிறார்கள். இந்த மாதிரி கட்டு வந்தால் எதைச் செய்தால் சரியாக வருகிறது, எதைச் செய்தால் கெடுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முருகன்

இதில் குழப்பமே இல்லை. முதலாமவர் கை தாராளம். அவர் போட்ட எல்லா மார்க்கிலும் 2 கழித்துவிட்டால் இரண்டு சராசரியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பத்து நிமிட வேலை.

தேன்மொழி

முருகன் சார், எல்லாத் தாளிலும் வித்தியாசம் 2-ஐ ஒட்டியே இருந்தால் நீங்கள் சொல்வது சரி. அது தெரியாமல் கழிக்கக் கூடாது. சராசரி என்பது 30 தாளையும் கலக்கிக் காய்ச்சிய கஞ்சி. உள்ளே என்ன கிடந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

செல்வி, ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: முதலாமவர் மார்க், இரண்டாமவர் மார்க், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தது. கழித்ததில் கூட்டல், கழித்தல் குறியை விடாதீர்கள். பிறகு வித்தியாசம் பெரியதாக உள்ள தாள்களை மேலே வைத்து அடுக்குங்கள். மேலே வந்த ஐந்தாறு தாளை மார்க்கைப் பார்க்காமல் படியுங்கள். அந்தத் தாள்களுக்குள் பொதுவாக ஏதாவது இருந்தால் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ரகு

எங்களிடமும் இதே பிரச்சினைதான். ஒரு வகுப்பை ஒருவரும் அடுத்த வகுப்பை இன்னொருவரும் திருத்துகிறார்கள். சராசரியில் 3 மார்க் இடைவெளி. நாங்கள் இரண்டு வகுப்புச் சராசரியையும் சமமாக்கிவிடுகிறோம்.

தேன்மொழி

ரகு சார், உங்களுடையது வேறு விஷயம். உங்களிடம் இருவரும் திருத்திய தாள் ஒன்றுகூட இல்லை. அந்த 3 மார்க் ஆசிரியரால் வந்ததா, ஒரு வகுப்பு நிஜமாகவே நன்றாக எழுதியதா என்று யாராலும் சொல்ல முடியாது. சமமாக்கினால் நன்றாக எழுதிய வகுப்புக்குத் தண்டனை கொடுத்ததாகிவிடலாம். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஐந்து தாளை, மார்க் எழுதுவதற்கு முன்பே நகலெடுத்து மற்றவரிடம் கொடுங்கள். அந்தப் பத்துத் தாள்தான் இரண்டு கட்டுக்கும் பாலம்.

செல்வி

அடுக்கிப் பார்த்தேன். மொத்த வித்தியாசம் 63. 30-ஆல் வகுத்தால் 2.1, கணக்கு சரி. ஆனால் பிரித்துப் பார்த்தால் அந்த 63-இல் 52 மார்க் 13 தாளிலிருந்து மட்டும் வருகிறது, தாளுக்குச் சராசரியாக 4. நன்றாக வாதம் செய்த 11 தாளிலும் சேர்த்தே வித்தியாசம் 5-தான். மிகவும் பலவீனமான 6 தாளில் தலா 1.

அந்த 13 தாளும் ஒரே சாயல். ஒன்றிலிருந்து: "1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பெய்து விளைச்சல் பாழானது. ரொட்டி விலை ஏறியது. 1789 மே மாதம் எஸ்டேட்ஸ் ஜெனரல் சபை கூடியது. ஜூலை 11-இல் நெக்கர் நீக்கப்பட்டார். ஜூலை 14-இல் பாஸ்டீல் வீழ்ந்தது." தகவல் எல்லாம் சரி. கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. முதலாமவர் 14, இரண்டாமவர் 10.

இருவருமே 17 போட்ட தாளில் இப்படி இருக்கிறது: "கருவூலம் காலியானதால்தான் 1614-க்குப் பிறகு கூடாத சபையைக் கூட்ட வேண்டி வந்தது. ஆனால் கூடிய பிறகு சண்டை காசைப் பற்றி அல்ல, வாக்கைப் பற்றி: தலைக்கு ஒன்றா, வகுப்புக்கு ஒன்றா?"

தேன்மொழி

பார்த்தீர்களா, இது தாராளமும் இல்லை, கறாரும் இல்லை. எல்லாத் தாளுக்கும் 2 கழித்திருந்தால் இருவரும் ஒத்துப்போன 17 காரணமே இல்லாமல் 15 ஆகியிருக்கும். வெறும் கதை சொன்ன தாள் அப்போதும் 12-இல் நிற்கும், மற்றவர் 10 போட்டிருக்கிறார். எந்தத் தாளில் தகராறோ அது தீராமலே இருக்கும். எதில் தகராறு இல்லையோ அது கெடும்.

விடைக்குறிப்பில் 13 முதல் 15 வரைக்கும் என்ன வாசகம் இருக்கிறது?

செல்வி

"காரணங்களை விரிவாக எழுதியிருந்தால்."

தேன்மொழி

அந்த "விரிவாக"தான். ஒருவர் அதை நிறைய காரணம் என்று படித்திருக்கிறார், இன்னொருவர் ஒவ்வொரு காரணத்தையும் விளக்கியது என்று படித்திருக்கிறார். இருவரும் குறிப்பை மீறவில்லை, அதனால்தான் இருவரும் அவ்வளவு உறுதியாக நிற்கிறார்கள்.

முருகன்

சரி, கழிக்க வேண்டாம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடலாமே? 14-ம் 10-ம் 12.

தேன்மொழி

வித்தியாசம் 1 அல்லது 2 என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அது இயல்பான தடுமாற்றம்தான். 4 என்றால் அந்த 12-ஐ இருவருமே போடவில்லை. அந்தப் பையனோ பெண்ணோ வந்து "ஏன் 12?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வரி விளக்கம்கூட இருக்காது.

செய்ய வேண்டியது இது. மார்க் இல்லாத நகல் ஆறு: கதைபோல எழுதியதில் மூன்று, வாதம் உள்ளதில் இரண்டு, பலவீனமானதில் ஒன்று. இருவரும் தனித்தனியே மார்க்கோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதட்டும். எழுதி முடித்த பிறகுதான் பேச்சு. பேச்சை முதலில் வைத்தால் பணியில் மூத்தவர் சொன்ன எண்ணுக்கு மற்றவர் இறங்கிவிடுவார். ஒத்துப்போன மாதிரி தெரியும், அடுத்த கட்டில் பழைய இடைவெளி அப்படியே திரும்பும்.

பேசும்போது மார்க்கைப் பற்றிப் பேரம் வேண்டாம், வாசகத்தை மாற்றுங்கள். "விரிவாக" என்பதற்குப் பதில், "காரணம் ஒவ்வொன்றும் புரட்சிக்கு எப்படி இட்டுச் சென்றது என்று மாணவரே எழுதியிருந்தால் 13 முதல் 15, தகவல் சரி, இணைப்பு இல்லை என்றால் 9 முதல் 12." அதை வைத்து அந்த 13 தாளை மட்டும் இருவரும் மறுபடி திருத்தட்டும். பிறகும் 2-க்கு மேல் இடைவெளி உள்ள தாள் மூன்றாமவரிடம் போக வேண்டும். அவரிடம் பழைய மார்க் எதையும் காட்டாதீர்கள்.

ஜமீலா

நான் முதலாமவர் பக்கம். ஆலங்கட்டி மழை, விளைச்சல், ரொட்டி விலை என்று சரியான வரிசையில் அடுக்குவதே ஒரு காரண விளக்கம்தான். ஒன்றால் ஒன்று வந்தது என்பது வரிசையிலேயே தெரிகிறது. "ஆகவே" என்ற சொல் இல்லை என்பதற்காக நான்கு மார்க் குறைப்பது நடையைத் தண்டிப்பது.

தேன்மொழி

மழையிலிருந்து ரொட்டி விலை வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன் ஜமீலா. ரொட்டி விலையிலிருந்து எஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு அந்த வரிசையில் பாலம் இல்லை. அந்தச் சபையைக் கூட்ட வைத்தது கடன். கடன் என்ற சொல்லே அந்தப் பத்தியில் வரவில்லை. கேள்வியும் அதைப் பற்றித்தான்.

ஜமீலா

அந்தத் தாளுக்குச் சரி. 13 தாளுக்கும் அது பொருந்துமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செல்வி

மறுபடி திருத்தியாகிவிட்டது. 13-இல் 10 தாளில் இடைவெளி 1 அல்லது அதற்கும் கீழே. இரண்டில் 2. பெரும்பாலும் 10, 11-இல் வந்து நிற்கின்றன. ஜமீலா சொன்னது மாதிரி மூன்று தாளில் இணைப்பு நிஜமாகவே இருந்தது, அவை 13-க்கு ஏறின. வாதம் உள்ள 11 தாளில் இரண்டை மட்டும் திரும்பப் பார்த்தோம், புது வாசகத்தால் அவை அசையவில்லை.

ஒரே ஒரு தாள்தான் இன்னும் 4 மார்க் இடைவெளியில் நிற்கிறது. மூன்று பக்கம் வெறும் கதை, கடைசிப் பத்தியில் மட்டும் ஐந்து வரி அருமையான வாதம். மூன்றாமவர் 12 போட்டிருக்கிறார். ஐந்து வரிக்காக 13 முதல் 15 கொடுப்பதா, மூன்று பக்கத்துக்காக 12-லேயே நிறுத்துவதா?

ஜமீலா

14 கொடுப்பேன். எங்கே எழுதினால் என்ன, கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

தேன்மொழி

நான் 12-இல் நிறுத்துவேன். மேலே அடுக்கிய காரணம் எதையும் அந்த ஐந்து வரி தொடவில்லை என்றால் அது முடிவுரைதான். தொட்டிருந்தால் ஜமீலா சொல்வதே சரி. அந்தப் பத்தியை இங்கே போடுங்கள் செல்வி.