அன்றாடச் செலவு எதுவும் ஆண்டுக்கு 0.5 புள்ளிக்கு மேல் ஏறவில்லை, ஆனால் லாபம் 5.5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகிவிட்டது: எங்கே தேடுவது?

அங் மோ கியோ கணக்கர்

வணக்கம். சிங்கப்பூரில் மளிகையும் வீட்டுப் பொருள்களும் விற்கும், நான்கு கிளைகள் கொண்ட நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். 2019 முதல் 2024 வரையிலான லாப நட்டக் கணக்குகளில் ஒவ்வொரு வரவு, செலவு வரியையும் விற்பனையின் விழுக்காடாக மாற்றி ஒரே தாளில் அடுக்கினேன். விற்பனை 8 மில்லியன் வெள்ளியிலிருந்து 9.2 மில்லியனுக்கு உயர்ந்திருக்கிறது. ஆனால் அரசாங்க மானியங்களைச் சேர்க்காமல் பார்த்தால், வரிக்கு முந்தைய லாபம் 5.5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. தேய்மானமும் வட்டியும் நீங்கலாக, முந்தைய ஆண்டைவிட 0.5 புள்ளிக்கு மேல் மாறிய வரிகளை மட்டும் விளக்கினால் போதும் என்பது எங்கள் நிர்வாகத்தின் விதி. அந்த விதியில் இத்தனை ஆண்டுகளில் வாடகை ஒன்றுதான் சிக்கியது. அதுவும் 2022இல் பெரிய அளவில் குறைந்திருக்கிறது. விற்பனையிலிருந்து சரக்கின் விலையைக் கழித்த மொத்த லாபம் 29இலிருந்து 28.6 ஆனது, அவ்வளவுதான். மீதி 3.1 புள்ளி எங்கே போனது?

செங்காங் வாசகர்

விதியில்தான் குறை. 0.5 என்பதை 0.2 ஆக்கிப் பாருங்கள், தப்பித்த வரிகள் தாமாக வெளியே வரும். வாடகை குறைந்திருப்பதால் அந்தப் பக்கம் தேட வேண்டியதில்லை, சம்பளம்தான் காரணமாக இருக்கும்.

தேக்கா புடவைக்கடை

எங்களுக்கும் இதே குழப்பம் வந்தது. பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தபோது, கல்லா இயந்திரம் தரும் வரி சேர்ந்த தொகையையே நாங்கள் விற்பனையாக எடுத்துக்கொண்டிருந்தோம். அதனால் விற்பனை வளர்ந்தது போலவும், ஒவ்வொரு செலவின் பங்கும் சற்றுக் குறைந்தது போலவும் தெரிந்தது. உங்களுக்கும் வரி உயர்வுதான் லாபத்தைத் தின்றிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அங் மோ கியோ கணக்கர்

எங்கள் விற்பனைத் தொகை வரி நீக்கியதுதான், சரிபார்த்துவிட்டேன். 0.2 என்று வைத்துப் பார்த்தபோது பருவத்துக்குப் பருவம் மேலும் கீழும் ஆடும் வரிகள் பல வந்து குவிந்தன. அவற்றில் எதைப் பொருட்படுத்துவது என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

முதலில் வாடகையைப் பார்ப்போம். 2022இல் நிறுவனம் சிறு நிறுவனங்களுக்கான கணக்கியல் தரத்திலிருந்து முழுத் தரத்துக்கு மாறியதா? மாறியிருந்தால், குத்தகைகளுக்கான எஃப்.ஆர்.எஸ். 116 தரத்தின்படி குத்தகை வாடகையின் பெரும்பகுதி வாடகை என்ற வரியை விட்டு நகர்ந்து, ஒரு பகுதி தேய்மானத்திலும் மறு பகுதி வட்டியிலும் போய் உட்கார்ந்திருக்கும். கடைக்குக் கொடுக்கும் பணம் குறைந்திருக்காது, அது எழுதப்படும் இடந்தான் மாறியிருக்கும். இம்மூன்றையும் கூட்டி, கடையிடச் செலவு என்று ஆறு ஆண்டுகளுக்கும் ஒரே வரியாக வைத்துக்கொள்ளுங்கள். குத்தகையின் தொடக்கத்தில் வட்டி கூடுதலாகவும் பிற்பகுதியில் குறைவாகவும் விழும் என்பதால் இந்தக் கூட்டுத்தொகையும் உண்மையான வாடகையும் ஒன்றாக இருக்காது. எனவே நில உரிமையாளருக்குக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ சென்ற தொகையை அருகிலேயே எழுதி ஒப்பிடுங்கள்.

அடுத்தது, ஒப்பிடும் ஆண்டு. ஒவ்வோர் ஆண்டையும் அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், நேற்றைய உயர்வு இன்றைய இயல்பாகிவிடுகிறது. எல்லையை 0.2 ஆக்கினாலும், ஆண்டுக்கு 0.2 என்று ஏறுகிற செலவு அதைத் தாண்டாமலே ஐந்தாண்டில் ஒரு முழுப் புள்ளி ஏறிவிடும். 2019ஐ நிலையான அடிப்படையாக வைத்து ஒவ்வொரு செலவின் வெள்ளித் தொகையையும் 100 என்று தொடங்கி, விற்பனைக் குறியீட்டின் பக்கத்தில் நிறுத்துங்கள். 2020, 2021 இரண்டையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டாம், அவை பெருந்தொற்று ஆண்டுகள். 2019 எண்கள் B நிரலிலும், 2024 எண்கள் G நிரலிலும், விற்பனை 3ஆம் வரிசையிலும் இருந்தால், 9ஆம் வரிசையில் உள்ள செலவுக்கு இவை போதும், முதலாவது விற்பனையில் அதன் பங்கையும் இரண்டாவது குறியீட்டையும் தரும்:

```
=G9/G$3
=G9/$B9*100
```

அங் மோ கியோ கணக்கர்

மிக்க நன்றி. நீங்கள் ஊகித்தது சரிதான், வங்கி கேட்டதால் 2022இல் முழுத் தரத்துக்கு மாறினோம். மூன்றையும் கூட்டியபோது கடையிடச் செலவு 2019இல் 7.4 விழுக்காடு, 2024இல் 7.2. பெரிய சேமிப்பு ஏதும் நடக்கவில்லை.

குறியீட்டுத் தாளில் விற்பனை 115க்கு வந்திருக்க, அட்டை, மின்பணப்பைக் கட்டணங்கள் 288ஐத் தொட்டு நிற்கின்றன. விற்பனையில் அதன் பங்கு 0.6, 0.8, 0.9, 1.1, 1.3, 1.5 என்று ஏறியிருக்கிறது, ஒருமுறைகூட 0.2க்கு மேல் தாவவில்லை. வெள்ளியில் 48,000ஆக இருந்தது 138,000 ஆகியிருக்கிறது. பொட்டலம் கட்டுதலும் போக்குவரத்தும் 1.1இலிருந்து 1.7, சம்பளம் 11.5இலிருந்து 12.9. மின்சாரமும் இதர செலவுகளும் தலா 0.2 ஏறியுள்ளன. கூட்டிக் கழித்தால் 3.1 சரியாக வருகிறது. ஆனால் வாடிக்கையாளர்கள் ரொக்கத்தை விட்டுவிட்டதால் அட்டைக் கட்டணம் ஏறுவது இயல்புதானே, இதில் என்ன செய்ய முடியும்?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

இயல்பா இல்லையா என்பதை விற்பனை விழுக்காடு சொல்லாது, ஏனென்றால் அதன் அடியில் இருப்பது மொத்த விற்பனை. இந்தக் கட்டணத்தை உண்டாக்குவது ரொக்கமில்லாத விற்பனை மட்டுமே. கல்லா அறிக்கையிலிருந்து அதைத் தனியே எடுத்து, கட்டணத்தை அதனால் வகுத்துப் பாருங்கள்.

அங் மோ கியோ கணக்கர்

எடுத்தேன். 2019இல் 3.2 மில்லியன், 2024இல் 6.9 மில்லியன். கட்டண வீதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகியிருக்கிறது. பழைய வீதமே நீடித்திருந்தால் 2024இல் 103,500 வெள்ளிதான் ஆகியிருக்கும். எஞ்சிய 34,500 வெள்ளி வீதம் ஏறியதால் வந்தது.

விலைப்பட்டியல்களைப் புரட்டியபோது இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒரு மின்பணப்பையின் அறிமுகச் சலுகை வீதம் முடிந்த பிறகு யாரும் மறுபேச்சு நடத்தவில்லை. 2022இல் மூடிய ஐந்தாவது கிளையின் மூன்று அட்டை இயந்திரங்களுக்கு இன்னும் மாத வாடகை போய்க்கொண்டிருக்கிறது. தொகை சிறியது, ஆனால் கிளையின் பெயர் ஒவ்வொரு மாதப் பட்டியலிலும் அச்சாகி இருக்கிறது.

செங்காங் வாசகர்

அப்படியானால் வாடகையைப் பற்றி நான் சொன்னது தவறு. ஆனாலும் ஏற்றத்தில் பெரிய பங்கு சம்பளத்துடையதுதான். சில்லறை வணிகத்துக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2022 செப்டம்பரில் வந்தது. அது சட்டத்தால் வந்த செலவு என்று எழுதி முடித்துவிடலாமே?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

பெரிய பங்கு சம்பளம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த 1.4 புள்ளி முழுவதையும் சம்பள முறையின் மேல் ஏற்றிவிட ஆண்டறிக்கையில் ஆதாரம் இல்லை. மணிக்கூலி உயர்ந்ததா, அதே விற்பனைக்குக் கூடுதல் மணிநேரம் போகிறதா என்பது பணி அட்டவணையில்தான் தெரியும். கிளை வாரியாக, மாதம் வாரியாக வேலை மணிநேரத்தை எடுத்து, ஒரு மணிநேரத்துக்கு எத்தனை விற்பனைச் சீட்டு என்று பாருங்கள். வெள்ளியை வைத்துப் பார்க்காதீர்கள், விலைவாசி ஏறினால் அதே வேலைக்கு விற்பனை கூடியதாகத் தோன்றும். சம்பள உயர்வில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் இணை நிதி நிரந்தரமானதல்ல, அதிலும் அரசின் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே அதைச் சம்பளத்தில் கழிக்காமல் தனியே வைத்திருக்கும் உங்கள் முறையை மாற்ற வேண்டாம்.

அங் மோ கியோ கணக்கர்

விற்பனைச் சீட்டுகளின் எண்ணிக்கை 2019ஐவிடக் குறைந்திருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். பொட்டலச் செலவையும் சீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட வேண்டும் போலிருக்கிறது. பழைய பணி அட்டவணைகள் இரண்டு கிளைகளுக்கு மட்டுமே கிடைக்கின்றன. அந்த இரண்டை வைத்து நான்கு கிளைகளுக்கும் பேசலாமா?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

பேசக்கூடாது. அந்த இரண்டுக்கு மட்டும் கணக்கிட்டு, மற்ற இரண்டின் சம்பள ஏற்றத்தை விளக்கப்படாதது என்றே நிர்வாகத்திடம் காட்டுங்கள்.

தேக்கா புடவைக்கடை

எங்கள் கடை 2021இல் திறந்தது. எங்களுக்கு 2019 என்ற ஆண்டே இல்லை. எதை அடிப்படையாக வைப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?