உயர்ந்தன்று: உயர்ந்ததா, உயரவில்லையா?

ஓமலூர் செல்வம்
என் மகள் சேலத்தில் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று: பதவுரை எழுதுக" என்று கேட்டிருக்கிறார்கள். "நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது இல்லை" என்று எழுதினாள். ஐந்துக்கு இரண்டுதான் போட்டிருக்கிறார்கள். அன்று என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? திருத்தியவருக்குத் தமிழ் தெரியுமா?

அஸ்தம்பட்டி ஆசிரியை
திருத்தியவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்கிற உங்களுக்குத்தான் கோபம் முந்திக்கொண்டது. இது குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, தேவகுலத்தார் பாடியது. தலைவனைத் தோழி பழித்துப் பேசுகிறாள், அவனோ கேட்கிற தூரத்தில் மறைந்து நிற்கிறான். அப்போது தலைவி அவனோடு கொண்ட நட்பை விட்டுக்கொடுக்காமல் சொல்கிற பாட்டு இது. நிலத்தைவிடப் பெரிது என்று தொடங்கியவள் அடுத்த மூச்சில் வானத்தைவிட உயரம் இல்லை என்று இறங்கிப் பேசுவாளா?

உயர்ந்தன்று என்றால் உயர்ந்தது. உயர் என்பது பகுதி, அடுத்து இறந்தகாலத் தகரம், அன் சாரியை, து விகுதி. னகரத்துக்குப் பின்னால் வந்ததால் து என்பது று ஆகிவிட்டது. இப்போது நாம் அன் இருந்த இடத்தில் அகரம் வைத்து "உயர்ந்தது" என்கிறோம். அவ்வளவுதான்.

ஓமலூர் செல்வம்
டீச்சர், "நன்றி மறப்பது நன்றன்று". நன்றன்று என்றால் நல்லது இல்லை. இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே அன்று என்றால் இல்லை, இங்கே வந்ததும் சாரியையா? வள்ளுவருக்கு ஒரு இலக்கணம், தேவகுலத்தாருக்கு ஒரு இலக்கணமா?

அஸ்தம்பட்டி ஆசிரியை
இலக்கணம் ஒன்றுதான், பிரிக்கிற இடம் வேறு. நன்று என்பது தனியாக நிற்கிற முழுச்சொல். அதன்மேல் அன்று சேர்ந்து நன்றன்று ஆனது. உயர்ந்தன்று என்பதில் "அன்று" என்று பிரித்தால் முன்னால் மிஞ்சுவது "உயர்ந்து". அது வினையெச்சம். "உயர்ந்து அல்ல" என்று யாராவது பேசுவார்களா? உயரவில்லை என்று சொல்ல நினைத்திருந்தால் "உயர்ந்ததன்று" என்று இன்னொரு தகரம் வந்திருக்கும். அந்த ஒரு எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும்.

ஓமலூர் செல்வம்
ஒரு எழுத்துக்காக மூன்று மார்க்கா? அன்று என்றால் இல்லை என்று அகராதியிலேயே இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கார்த்தி
நான் போட்டித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். உயர்ந்தன்று விஷயத்தில் அம்மா சொல்வது சரி. ஆனால் அடுத்த அடியையும் பாருங்கள். "நீரினும் ஆரளவின்றே". அங்கே இன்று என்பது இல்லை என்ற பொருளில்தான் வருகிறது. அளவு இன்று, அதாவது அளவே இல்லாதது. என் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆக, பாட்டில் எதிர்மறையே கிடையாது என்கிற மாதிரி பேசக் கூடாது.

அஸ்தம்பட்டி ஆசிரியை
கார்த்தி தம்பி, அளவுக்கு முன்னால் "ஆர்" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எங்கே விட்டீர்கள்? ஆர் அளவு என்றால் அளப்பதற்கு அரிய அளவு. இன்று என்பதற்கு இல்லை என்று பொருள் கொண்டால் "அரிய அளவு இல்லாதது" என்று வரும், அதாவது எளிதாக அளந்துவிடலாம் என்று ஆகிவிடும். இங்கேயும் இன் சாரியை, து விகுதி. கடலைவிட அளத்தற்கரிய ஆழத்தை உடையது என்பதே பொருள். நீர் என்பதைத் "தண்ணீர்" என்று எழுதினாலும் நான் அரை மார்க் குறைப்பேன், இங்கே அது கடலைக் குறிக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கார்த்தி
அளவில்லாதது என்றாலும் அளக்க முடியாதது என்றாலும் கடைசியில் ஒன்றுதானே? கருத்து கெடவில்லையே.

அஸ்தம்பட்டி ஆசிரியை
கருத்துரை கேட்டால் கெடாது. பதவுரை கேட்டால் கெடும். எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று காட்டச் சொல்வதுதான் கேள்வி.

ஏற்காடு தோட்டத்துக்காரர்
எல்லாரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். குறிஞ்சியை மரம் என்று என் பையனின் நோட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். சேர்வராயன் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். குறிஞ்சி செடிங்க, புதர்ச்செடி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிறது. கருங்கோல் என்றால் அதன் தண்டு. மரம் என்று எழுதினால் அதற்கு எத்தனை மார்க் குறைப்பீர்கள்?

ஓமலூர் செல்வம்
அண்ணா, கேள்வியில் குறிஞ்சியே இல்லை. முதல் அடி மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஏற்காடு தோட்டத்துக்காரர்
பாட்டில் இருக்கிறதல்லவா? மலையைப் பார்க்காதவர்கள் குறிஞ்சிக்கு உரை எழுதினால் இப்படித்தான் ஆகும்.

ஆத்தூர் பெரியவர்
முதல் அடி மட்டும் கேட்டார்களா? அப்படியானால் தப்பு கேள்வித்தாள் போட்டவர்மீது. அந்த அடியில் எழுவாயே கிடையாது. "நட்பே" என்று நாலாவது அடியின் கடைசியில்தான் வருகிறது. எது பெரிது, எது உயர்ந்தது என்று தெரியாமல் பிள்ளை எப்படிப் பதவுரை எழுதும்? நிலத்தைவிடப் பெரிது, ஆனால் வானத்தைவிட உயரம் இல்லை என்று அந்த ஒற்றை அடியை மட்டும் படிக்கிறவருக்குத் தோன்றத்தான் செய்யும். ஆசிரியை அம்மாவுக்குப் பிள்ளைகளைக் குறைத்துப் பேசுவது பழக்கம். போன மாதம் சந்திப்பிழை விவாதத்திலும் இப்படித்தான் எல்லார் வாயையும் அடைத்தார்.

அஸ்தம்பட்டி ஆசிரியை
பெரியவரே, அதில் உங்கள் வாய் அடைபட்டதற்கு நான் பொறுப்பில்லை. பாட்டு பாடத்தில் இருக்கிறது, நான்கு அடியும் படித்துவிட்டுத்தான் தேர்வுக்கு வருகிறார்கள். பதவுரையைப் பாட்டின் வரிசையில் எழுதக் கூடாது, உரைநடை வரிசையில் எழுத வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்கிறோம். முழுப் பாட்டுக்கும் இப்படி வரும்:

சாரல் – மலைச்சரிவில் உள்ள
கருங்கோல் – கரிய தண்டை உடைய
குறிஞ்சிப் பூக்கொண்டு – குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு
பெருந்தேன் இழைக்கும் – வண்டுகள் மிகுந்த தேனைச் செய்கின்ற
நாடனொடு நட்பு – நாட்டை உடையவனோடு நான் கொண்ட நட்பு
நிலத்தினும் பெரிது – நிலத்தைவிடப் பெரியது
வானினும் உயர்ந்தன்று – வானத்தைவிட உயர்ந்தது
நீரினும் ஆரளவின்று – கடலைவிட அளத்தற்கரிய ஆழம் உடையது

வண்டுகள் என்ற சொல் பாட்டில் இல்லை. நாமாக வருவித்தது என்று தெரியும்படி அதை அடைப்புக்குள் போட வேண்டும், இங்கே தட்டச்சில் விட்டுவிட்டேன். ஏகாரங்களை நாங்கள் தனியாகத் திருத்துவதில்லை.

ஆத்தூர் பெரியவர்
"இழைக்கும்" என்பதற்குச் "செய்கின்ற" என்று போட்டிருக்கிறீர்கள். சேர்த்து வைக்கும் என்பதுதான் பொருந்தும். உங்களுக்கு நான் எத்தனை மார்க் குறைக்க?

அஸ்தம்பட்டி ஆசிரியை
இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம். உயர்ந்தன்று என்பதற்கு அப்படி இரண்டு பொருள் கிடையாது. பழைய நடையில் வந்தன்று, கொண்டன்று எல்லாம் இதே மாதிரிதான். புறப்பொருள் வெண்பாமாலையின் கொளுக்களைப் புரட்டுங்கள், "உரைத்தன்று" என்று முடியும். அங்கே உரைக்கவில்லை என்றா பொருள் கொள்வீர்கள்?

ஓமலூர் செல்வம்
இரண்டாம் ஆண்டுப் பிள்ளை வெண்பாமாலையை எங்கே கண்டது? அன்று என்றால் இல்லை. நான் மறுகூட்டலுக்குப் பணம் கட்டப் போகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கார்த்தி
மறுகூட்டலில் மார்க்கைக் கூட்டித்தான் பார்ப்பார்கள், விடையைப் படிக்க மாட்டார்கள். மறுமதிப்பீடு கேளுங்க. "ஆரளவின்றே" பற்றி நான் சொன்னது அப்படியேதான் நிற்கிறது.

அஸ்தம்பட்டி ஆசிரியை
நிற்கவில்லை. "ஆர்" எங்கே போனது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஏற்காடு தோட்டத்துக்காரர்
குறிஞ்சி மரமா செடியா என்பதற்கும்தான் யாரும் பதில் சொல்லவில்லை.