தக்காளி விலை ஏறினால் தேவைக்கோடு நகருமா, நகராதா?

பிளஸ்ஒன்_மாணவி:
மாதத் தேர்வில் வந்த கேள்வி இது: "தொடர் மழையால் தக்காளி விளைச்சல் குறைந்தது. விலை உயர்ந்தது, மக்கள் வாங்கும் அளவு குறைந்தது. படம் வரைந்து விளக்குக." நான் அளிப்புக்கோட்டை இடப்பக்கம் நகர்த்தினேன். மக்கள் வாங்குவது குறைந்துவிட்டதே என்று தேவைக்கோட்டையும் இடப்பக்கம் நகர்த்தினேன். ஐந்துக்கு இரண்டுதான் கிடைத்தது. வாங்குவது குறைந்தால் தேவை குறைந்தது என்றுதானே அர்த்தம்? எங்கே தப்பு?

குரூப்2_தயாரிப்பு:
ஒரு குறுக்குவழி சொல்கிறேன். கேள்வியில் 'விலை' என்று வந்தால் கோட்டின் மேலேயே நகர்வு. வருமானம், ரசனை, மக்கள்தொகை என்று வந்தால் கோடே இடம்பெயரும். உங்கள் கேள்வியில் விலை வருகிறது, அதனால் எந்தக் கோடும் நகராது.

பொருளியல்_ஆசிரியர்:
தம்பி, அளிப்புக்கோடு கண்டிப்பாக நகரும், மாணவி அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். மழை பெய்ததும் எந்த விலையிலும் முன்பைவிடக் குறைவான தக்காளிதான் சந்தைக்கு வருகிறது.

தப்பு இரண்டாவது அடியில் இருக்கிறது. எண் போட்டால் தெரியும். ஒரு சந்தையில் கிலோ 30 ரூபாய்க்கு மக்கள் 100 டன் வாங்குவார்கள், 60 ரூபாய்க்கு 80 டன், 90 ரூபாய்க்கு 60 டன் என்று வையுங்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தேவைக்கோடு. மழைக்கு முன் 30 ரூபாயில் 100 டன் வந்து, அத்தனையும் விற்றது. மழைக்குப் பின் 30 ரூபாய்க்கு 20 டன்தான் வருகிறது, 60க்கு 40 டன், 90க்கு 60 டன். இப்போது வரத்தும் வாங்குவதும் பொருந்துவது 90 ரூபாயில், 60 டன்னில்.

மக்கள் 100 டன்னிலிருந்து 60 டன்னுக்கு வந்தது உண்மை. ஆனால் 90 ரூபாய்க்கு 60 டன் என்பது பழைய பட்டியலிலேயே இருந்த வரிதானே? பட்டியல் மாறவில்லை, மக்கள் அதில் கீழே உள்ள வரிக்குப் போனார்கள். படத்தில் அதே கோட்டின் மேல் இடப்பக்கமாக ஏறுகிறார்கள்.

உங்கள் படத்தில் என்ன ஆகிறது பாருங்கள். தேவைக்கோட்டையும் 40 டன் இடப்பக்கம் தள்ளினால் 60 ரூபாய்க்கு 40 டன்தான் வாங்குவார்கள். வரத்தும் அங்கே 40 டன். விலை 60 ரூபாயிலேயே நின்றுவிடும். விலை ஏற்றத்தால் வந்த குறைவை இரண்டு முறை கழித்துவிட்டீர்கள். விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

பிளஸ்ஒன்_மாணவி:
புரிகிறது சார். அப்படியென்றால் 'தேவை குறைந்தது' என்று எழுதவே கூடாதா?

பொருளியல்_ஆசிரியர்:
இந்தக் கேள்விக்கு 'தேவைச் சுருக்கம்' என்று எழுதுங்கள். 'தேவை குறைவு' என்று எழுதினால் கோடு நகர்ந்ததாகத்தான் திருத்துபவர் எடுத்துக்கொள்வார்.

யாழ்_உயர்தரம்:
எங்களுக்குக் கேள்வி வளையி, நிரம்பல் வளையி என்று வரும், விஷயம் ஒன்றுதான். ஆனால் குரூப்2 அண்ணா சொன்ன குறுக்குவழி சரிவராது. பெற்றோல் விலை கூடினால் மோட்டார் சைக்கிளின் கேள்வி வளையி இடப்பக்கம் நகரும் என்று எழுதி எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது. அங்கேயும் விலைதானே மாறியது? 2022இல் இங்கே பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது சைக்கிளுக்குக் கிராக்கி கூடியதும் சைக்கிள் விலை குறைந்ததால் இல்லை.

பொருளியல்_ஆசிரியர்:
நல்ல உதாரணம் அம்மா. 'விலை' என்ற சொல்லைத் தேடாமல், படத்தின் அச்சில் எது இருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் படத்தின் செங்குத்து அச்சில் மோட்டார் சைக்கிளின் விலை மட்டும்தான் இருக்கும். பெற்றோல் விலைக்கு அங்கே இடமில்லை, அதனால் கோடே நகர்ந்தாக வேண்டும். "அடுத்த வாரம் விலை ஏறும் என்று எதிர்பார்க்கிறார்கள்" என்று வந்தாலும் அப்படித்தான். அச்சில் இருப்பது இன்றைய விலை.

குரூப்2_தயாரிப்பு:
சரி, விலை விஷயத்தில் நான் சொன்னது தப்பு. வருமானம் வந்தால் எப்போதும் இடப்பெயர்ச்சி என்பதாவது நிற்குமா?

பொருளியல்_ஆசிரியர்:
தேவைக்கோட்டுக்கு நிற்கும். நீங்கள் படிக்கும் பேரினப் பொருளியலில் நுகர்வுச் சார்பு வரும், அங்கே கிடை அச்சிலேயே வருமானம் இருக்கிறது. அதனால் வருமானம் கூடினால் அதே கோட்டின் மேல் நகர்வுதான்.

பிளஸ்ஒன்_மாணவி:
கடைசியாக ஒன்று. 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் அரசு கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அதைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

குரூப்2_தயாரிப்பு:
சந்தைக்குக் கூடுதல் தக்காளி வந்த மாதிரிதானே? அளிப்புக்கோடு வலப்பக்கம்.

பொருளியல்_ஆசிரியர்:
வேறு ஊரிலிருந்து கூடுதலாகக் கொண்டுவந்திருந்தால் அப்படி வரையலாம். அதே மொத்தச் சந்தையில் வாங்கி, நட்டத்துக்கு விற்றிருந்தால் வரத்து கூடவே இல்லை. அரசு வாங்கியதும், ரேஷன் கடைக்குப் போனவர்கள் வெளியே வாங்காமல் விட்டதும் வெளிச்சந்தைத் தேவைக்கோட்டை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். எது வெல்லும் என்று இந்த விவரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

யாழ்_உயர்தரம்:
அப்படியென்றால் இரண்டு விலைக்கும் தனித்தனிப் படம் போட வேண்டாமா சார்?