‘ஹிஞ்ச்’ என்பதைக் கால்மானம் என்றே எழுதலாமா?

மலர்விழி:
பதினொன்றாம் வகுப்புக்குப் பெட்டி வரைபடக் குறிப்பு எழுதுகிறேன், திங்கட்கிழமை வேண்டும். பெட்டியின் இரு ஓரங்களைப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977இல் வந்த தம் நூலில் ‘ஹிஞ்ச்’ என்கிறார். அதற்குத் தனிச்சொல் தேவையா?

சேகர்:
தேவையில்லை, வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பங்காகப் பிரிக்கும் கால்மானமே போதும். 35, 42, 48, 51, 56, 60, 67, 73, 84 என்று 9 மதிப்பெண்கள் இருந்தால், நடுவில் இருக்கும் 56ஐக் கீழ்ப்பாதியில் சேர்த்தால் முதல் கால்மானம் 48, விட்டால் 45. புத்தகங்களுக்குள் உள்ள வித்தியாசமே இவ்வளவுதான்.

இராமநாதன்:
பாதி சரி, தம்பி. இன்னொரு மாணவரின் 90ஐச் சேர்த்து 10 ஆக்கிப் பாருங்கள். இப்போது சேர்க்கவோ விடவோ நடுவில் எண்ணே இல்லை. கீழ்ப்பாதியின் நடு 48, அதுதான் டூக்கி சொல்வது. ஆனால் (n+1)/4 என்று போடும் புத்தகத்தில் இடம் 2.75. இரண்டாவது எண் 42, மூன்றாவது 48, இடைவெளி 6. அதில் முக்கால் பங்கு 4.5 சேர்ந்து 46.5 ஆகிறது. 1+(n−1)/4 என்றால் இடம் 3.25, விடை 48.75. எக்செலில் `QUARTILE.EXC` முதலாவதையும் `QUARTILE.INC` இரண்டாவதையும் தரும். இப்படி 9 முறைகளை ஹைண்ட்மனும் ஃபேனும் 1996இல் தொகுத்தார்கள். மூன்று விடைக்கும் ஒரே பெயர் என்றால் பிள்ளைகள் எதைச் சரிபார்ப்பார்கள்? தனிச்சொல் வேண்டும்.

தேவகி:
என் மகளுக்கு நுழைவுத் தேர்வில் 92 நூற்றுமானம் வந்தது. மதிப்பெண்ணோ நூற்றுக்கு 61தான். இந்த முறைக் குழப்பம்தான் காரணமா?

சேகர்:
இல்லை அக்கா. எழுதியவர்களில் ஏறக்குறைய 92 சதவீதம் பேர் உங்கள் மகளுக்குக் கீழே என்று பொருள். அத்தனை பேர் எழுதும்போது எந்த முறையில் போட்டாலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பத்துப் பேர் வகுப்பில்தான் உதைக்கிறது. சரி, ஐயா சொன்னதை ஏற்கிறேன். ‘கீல்’ என்று வைக்கலாம், கதவு உள்ள வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இராமநாதன்:
கீல் வடமொழி ‘கீல’த்திலிருந்து வந்தது, அங்கே முளை என்று பொருள். நம் பழைய கதவுகளுக்குக் கீலே கிடையாது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் குடுமி நீட்டி, அதைக் குழியில் நிறுத்திச் சுழல விடுவார்கள். மேற்குடுமி, கீழ்க்குடுமி. இரண்டு ஓரத்துக்கும் சொல் தயாராக இருக்கிறதே!

சிவகாமி, யாழ்ப்பாணம்:
எங்கட பாடநூலில் கால்மானமே இல்லை, ‘காலணை’தான். இரண்டையும் போடுங்கோ. குடுமி என்றால் வகுப்பு சிரிச்சே முடிஞ்சிடும்.

மலர்விழி:
கீழ்க்கீல், மேற்கீல் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். 48, 46.5, 48.75 மூன்றையும் அந்தந்த முறையோடு பக்கத்தில் போட்டு, காலணையையும் குறிப்பிடுகிறேன். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இராமநாதன்:
அச்சிடுங்கள் அம்மா. என் வாக்கு குடுமிக்கே. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.