வீட்டு இன்சூரன்ஸ்ல சம் இன்ஷூர்டு எப்படி போட்டீங்க? அனுபவம் சொல்லுங்க

மொட்டைமாடி:
வில்லா பாலிசி ரினியூவலுக்கு வந்துச்சு. பழைய பாலிசில சம் இன்ஷூர்டு, அதாவது கம்பெனி அதிகபட்சமா தர்ற தொகை, 40 லட்சம்னு போட்டிருந்தது, இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு ஏஜென்ட்ட கேட்டா, "லோன் அமவுண்ட் தான் சார், எல்லாருக்கும் அதான் போடுறது"ங்கறார். லோன் எனக்கும் பேங்குக்கும் உள்ள கணக்கு, வீடு எரிஞ்சா திரும்ப கட்டுற செலவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சரின்னு தெரிஞ்ச காண்ட்ராக்டர் ஒருத்தர கூட்டிட்டு வந்து உக்காந்தோம்.

கீழ மேல ரெண்டு தளமும் சேத்து பில்டப் ஏரியா 2,200 சதுர அடி. இதே தரத்துல இன்னிக்கு கட்டுனா சதுர அடிக்கு 2,400 ஆகும்னார், அப்ப 52.8 லட்சம். நான் அதோட முடிஞ்சுதுன்னு பேனாவ மூடப் போனேன், மனுஷன் விடல. போர்டிகோ 200 சதுர அடி, சுவர் இல்லாததால பாதி ரேட்ல 2.4 லட்சம். காம்பவுண்டு சுவர் 180 அடி நீளம், அடிக்கு 1,500 வெச்சா 2.7. சம்ப், செப்டிக் டேங்க், மேல்தொட்டி, கேட் எல்லாம் சேத்து 3.1. ஆக 61 லட்சம். மனைக்கு ஒரு பைசா கிடையாது, மண்ணு எரியாதுல்ல.

அப்புறம் விலை ஏத்தம். பாலிசியோட கடைசி மாசத்துல ஏதாவது ஆனா, வேலை முடியுறதுக்குள்ள சிமெண்டும் கம்பியும் எங்க இருக்குமோ, அதுக்கு ஒரு 10 சதவீதம் சேத்து 67 லட்சம்னு ரவுண்டா முடிச்சேன். ஏஜென்ட் முகத்த பாக்கணுமே. நீங்கள்லாம் எப்படி போட்டீங்க?

நாலாவது மாடி:
ப்ரோ வில்லாவுக்கு ஓகே, பிளாட்டுக்கு இந்த கணக்கு வேலைக்கு ஆகாது. நான் 90 லட்சத்துக்கு வாங்குனேன், 90க்கே போட்டிருக்கேன். கட்டடம் விழுந்தா அதே ஏரியால இன்னொரு பிளாட் வாங்கணும்ல, கட்டுமான செலவு மட்டும் கொடுத்தா நான் எங்க போறது? கட்டுமான செலவெல்லாம் தனி வீட்டுக்காரங்களுக்கு.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
நாலாவது மாடி தம்பி, கவலை நியாயமானதுதான், ஆனா பாலிசி அப்படி பேசாது. சாதாரண ரீஇன்ஸ்டேட்மென்ட் பாலிசில கம்பெனி கொடுக்கறது கட்டடத்த பழையபடி நிறுத்துற செலவு, நீங்க 90 போட்டாலும் செலவு 32 ஆனா 32 தான் வரும். மீதி 58க்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டினது கட்டினதுதான். மனையில உங்க பங்கு எப்பவும் உங்களோடதான், அது பத்திரத்துல இருக்கு. நீங்க சொல்ற மாதிரி முழு விலை கிடைக்கணும்னா அக்ரீட் வேல்யூன்னு தனி வகை இருக்கு, எல்லா கம்பெனியும் தர்றதில்ல. முழுசா போனாத்தான் அந்த தொகை, பாதி சேதத்துக்கு ரிப்பேர் செலவுதான், பிளாட்ல உங்க உரிமைய கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கணும்னு நிபந்தனை கூட இருக்கலாம். உங்க பாலிசி எந்த வகைன்னு முதல்ல பாருங்க.

பிளாட்காரங்க ஏமாறுற இடம் வேற. ஒரே பிளாட்டுக்கு மூணு அளவு இருக்கும். வெளிச்சுவருக்கு உள்ள இருக்குற இடம் மட்டும் கார்ப்பெட், வெளிச்சுவரும் பால்கனியும் சேத்தா பில்டப், படிக்கட்டு லாபி மாதிரி பொது இடத்துல உங்க பங்கும் சேத்தா சூப்பர் பில்டப். ஒரு உதாரணத்துக்கு கார்ப்பெட் ஏரியா 980, பில்டப் 1,120, சூப்பர் பில்டப் 1,400னு வெச்சுக்குங்க. பில்டர் விக்கிற ரேட்டுல நிலமும் லாபமும் இருக்கு, அத தொடவே கூடாது. இன்ஜினியர் கொடுக்குற கட்டுமான ரேட்டு பெரும்பாலும் பில்டப் ஏரியாவுக்கு. 2,800னா, 1,120ஆல பெருக்கி 31.36 லட்சம். ஆனா பாலிசி ஃபார்ம்ல கார்ப்பெட் ஏரியா கேக்குறாங்கன்னு 980ஆல அதே 2,800ஐ பெருக்குனா 27.44 தான் வருது, வெளிச்சுவரும் பால்கனியும் காத்துல போச்சு. கார்ப்பெட் போட்டா ரேட்டு 3,200 ஆகணும், அப்பத்தான் அதே 31.36 வரும். எந்த ஏரியாவோ அந்த ஏரியாவோட ரேட்டு, ரெண்டும் ஜோடியா வரணும்.

மொட்டைமாடி, உங்க கணக்கு நல்லாருக்கு. இடிபாடு அகத்துற செலவும் ஆர்க்கிடெக்ட் ஃபீஸும் நீங்க சேக்கல. சில பாலிசில அது க்ளெய்ம்ல இத்தன சதவீதம்னு தனியாவே வரும், அப்படி இருந்தா சேக்க வேணாம், இல்லேன்னா சேத்துடுங்க.

சமையலறை ராணி:
எனக்கு ஒரு டவுட். நாங்க வாடகை வீட்ல இருக்கோம், ஃப்ரிட்ஜ் வாஷிங்மெஷின் எல்லாம் சேத்து எத்தன சதுர அடி கணக்குல போடணும்?

மொட்டைமாடி:
மேடம், சதுர அடி கட்டடத்துக்குத்தான், அது ஓனர் போட வேண்டியது. உங்க பொருளுக்கு கன்டென்ட்ஸ்னு தனியா எடுக்கலாம், ஒவ்வொண்ணா லிஸ்ட் போட்டு இன்னிக்கு புதுசா வாங்குனா என்ன விலையோ அத கூட்டுங்க.

கம்மியா போட்டா என்ன:
எல்லாரும் ஓவரா பயப்படுறீங்க. முழு வீடும் போற அளவுக்கு எத்தன பேருக்கு நடக்குது? 40 போட்டிருந்தா 40 வரைக்கும் கிடைக்கும், சின்ன சேதம் எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிடும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
அடங்காது சார். நான் பாத்த க்ளெய்ம் ஒண்ணு சொல்றேன். கிச்சன்ல தீ, பக்கத்து ரூம் சீலிங்கும் வயரிங்கும் போச்சு, சேதம் 6 லட்சம். பாலிசி 40க்கு, அதனால 6 முழுசா வரும்னு ஓனர் நிம்மதியா இருந்தார். ஆனா அந்த வீட்ட அன்னிக்கு கட்டுற செலவு 64 லட்சம்னு மதிப்பாச்சு. 40ஐ 64ஆல வகுத்தா 62.5 சதவீதம், 6 லட்சத்துல அவ்ளோதான், அதாவது 3.75 லட்சம், அதுலயும் எக்ஸஸ்னு நம்ம கையிலேருந்து போட வேண்டிய தொகை கழியும். மீதிக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரின்னு அர்த்தம். இப்படி விகிதப்படி குறைக்கிற விதி பாலிசில ஆவரேஜ் க்ளாஸ்னு இருக்கும் தேடிப் பாருங்க. சில வீட்டு பாலிசில இத தள்ளுபடி பண்ணிருப்பாங்க, அப்படின்னா உங்க பேச்சு சின்ன சேதத்துக்கு சரி.

கம்மியா போட்டா என்ன:
ம்ம், பாலிசிய இன்னும் பிரிச்சே பாக்கல. பாத்துட்டு வரேன்.

பழைய வீட்டுக்காரி:
சார் எங்க வீடு 25 வருஷம் பழசு. தேஞ்ச வீட்டுக்கு புது ரேட்டு போட்டா அதிகமா ஆகாதா?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
ரீஇன்ஸ்டேட்மென்ட்னா புது ரேட்டுதாம்மா, வயசு கழிக்க வேணாம், ஆனா நிஜமாவே கட்டி முடிச்சாத்தான் முழுசா தருவாங்க. மார்க்கெட் வேல்யூ அடிப்படைன்னா வயசுக்கு கழிச்சுப் போடணும், க்ளெய்ம்லயும் கழிப்பாங்க.

நாலாவது மாடி:
சார், அப்ப படிக்கட்டு, லிஃப்ட், லாபி இதெல்லாம் யார் கணக்கு? 1,400க்கு போட்டா 39.2 லட்சம் வருது, 1,120க்கு 31.36. நடுவுல இருக்குற எட்டு லட்சம் நான் போடணுமா அசோசியேஷனா?

ஓய்வுபெற்ற சர்வேயர்:
அசோசியேஷன் மொத்த கட்டடத்துக்கும் பாலிசி எடுத்திருந்தா அந்த காப்பிய வாங்கிப் பாருங்க, சிலதுல பொது இடம் மட்டும், சிலதுல உங்க பிளாட்டோட சுவரும் ஸ்லாபும் கூட உள்ள வந்திருக்கும், அப்ப நீங்க மறுபடி போட்டா டபுள். ஒண்ணுமே எடுக்கலேன்னா உங்க பங்கையும் சேத்து எழுத கம்பெனி ஒத்துக்குமான்னு எழுத்துல கேளுங்க. ஆளாளுக்கு தனித்தனியா எடுத்து அஸ்திவாரம் மாதிரி பொதுவான இடத்துல சேதம் வந்தா யார் எவ்ளோன்னு நான் இருந்த காலத்துலயே சண்டைதான்.

நாலாவது மாடி:
எங்க செக்ரட்டரிட்ட கேட்டேன், "இன்சூரன்ஸா, நம்ம பில்டிங்குக்கா?"ன்னு திருப்பி என்னையே கேக்குறார். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எடுக்கணும். அது போகட்டும், மாடுலர் கிச்சனும் சுவத்தோட அடிச்ச வார்ட்ரோபும் 2,800 ரேட்டுக்குள்ள வருமா, இல்ல கன்டென்ட்ஸா?

மொட்டைமாடி:
என் காண்ட்ராக்டர் ரேட்டுல மரவேலை கதவு ஜன்னலோட சரி. நான் கிச்சன கட்டடத்துல தனி லைனா எழுதச் சொல்லிருக்கேன், கம்பெனி கன்டென்ட்ஸ்னுது, இன்னும் பதில் வரல.