அம்மாவுக்குக் கப்பலில் குளிசையா, கைப்பட்டியா?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சி. அடுத்த மாதம் அம்மாவைக் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகபட்டினம் கூட்டிப்போகிறேன். அவவுக்குப் பயணம் என்றாலே சத்தி.

போன வருடம் கொழும்புக்குப் போகும்போது இடியப்பமும் சொதியும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பின் சில்லுக்கு மேலே உள்ள சீற்றில் இருந்தா. மாங்குளம் தாண்டவே கொட்டாவியும் குளிர் வியர்வையும் வந்துவிட்டன, வவுனியாவில் சத்தி. திரும்பி வரும்போது முன் சீற்றில் இருத்தி, தூரத்து றோட்டையே பார்க்கச் சொன்னேன். இரண்டு துண்டுப் பாணும் இஞ்சித் தேத்தண்ணியும்தான் சாப்பாடு. சுகமாக வந்து சேர்ந்தா.

கப்பலில் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு என்பது தெரியும். ஆனால் அங்கிருந்து அடிவானம் தெரியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

என் பெரிய குழப்பம் குளிசை. டைமென்ஹைட்ரினேட்டைப் பயணத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். விடிய பஸ் ஏறும்போது போட்டால் நடுக்கடலில் விட்டுவிடும். அதனால் பஸ்ஸுக்கு முன் சீற்றை நம்பி, குளிசையைக் கப்பலுக்கு வைத்திருக்கலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவுக்குக் கண் அழுத்தமும் இருக்கிறது. அதற்கு இந்தக் குளிசை ஒத்துவராமல் போகலாம், டொக்டரைக் கட்டாயம் கேட்பேன்.

அவர் வேண்டாம் என்றால் மிச்சம் கைப்பட்டிதான். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவில் அமுக்குவது. ஆய்வுகளில் அதற்கு உறுதியான பலன் தெரியவில்லை. கடலில் கட்டிப் பார்த்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?